அந்நிய மொழியில் வாய்மொழி விடை, தாய்மொழியில் மதிப்பீட்டுக் குறிப்பு: பார்க்டேல் பயிற்சி அனுபவமொன்றை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. பொருளும் எல்லையும்

வேற்று மொழியில் நிகழும் வாய்மொழிப் பரீட்சைக்குத் தம்மைத் தயார்செய்யும் ஒருவர், பயிற்சியின்போது அம்மொழியில் விடை கூறுகிறார். அவ்விடையைக் கேட்டவர் புள்ளியிட்டு, அதன் கீழே கற்பவரின் தாய்மொழியில் சில வரிகள் எழுதிக் கொடுக்கிறார். புலம்பெயர் தமிழர் வாழும் நகரங்களில் பல ஆண்டுகளாகக் கைமாறிவரும் இவ்வரிகளைத் தமிழ் உரைநடையின் ஒரு வகையாக நாம் கருதியதில்லை. ஆயினும் அவை தமிழில் எழுதப்படுவன. ஒருவரின் வாழ்க்கை முடிவில் பங்குகொள்வன. எனவே அவற்றையும் திறனாய்வுக்கு உட்படுத்துவது பொருத்தமே.

இக்கட்டுரை அத்தகைய குறிப்புகளின் தரத்தையே நோக்குகிறது. தாய்மொழியில் எழுதப்பட்டது என்பதனாலேயே ஒரு குறிப்பு பயனுடையதாகி விடுகிறதா என்பது இதன் கேள்வி. ஆகிவிடுவதில்லை என்பதும், பரீட்சையின் அளவுகோலைத் தமிழாக்கி மட்டும் தரும் குறிப்பு சில வேளைகளில் ஆங்கிலக் குறிப்பைவிடக் கூடுதலாக வழிதவறச் செய்கிறது என்பதும் இதன் விடை. தமிழால் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றைச் சொல்லும்போதுதான் தமிழ்க் குறிப்பு தன் இடத்தைப் பெறுகிறது. இக்கட்டுரையில் வரும் ஆங்கிலத் தொடர்களையும் தமிழெழுத்திலேயே தருகிறேன். அதனால் நேரும் இழப்பு ஐந்தாம் பகுதியில் ஆய்வுப்பொருளாகும்.

2. களமும் பரீட்சையும்

ரொறன்ரோ நகரின் மேற்கில், குயின் வீதியும் ஜேம்சன் அவெனியூவும் சந்திக்கும் பகுதி பார்க்டேல். 1983ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின்னர் இலங்கையிலிருந்து வந்த தமிழர் பலருக்கு, சென் ஜேம்ஸ் ரவுணைப் போலவே, ஜேம்சன் அவெனியூவின் மாடிக் குடியிருப்புகளும் முதல் இருப்பிடமாயின. பின்னர் பெரும்பாலோர் ஸ்காபரோவுக்குப் பெயர்ந்தனர். இன்று அப்பகுதி திபெத்தியரின் கடைகளால் அறியப்படுகிறது. எனினும் அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும், அவர்களால் பின்னாளில் அழைக்கப்பட்டு வந்த உறவினரும் உள்ளனர்.

அவ்வாறு வந்த ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி ஒருவரின் பயிற்சி வரலாறே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. வார இறுதியில் ஒரு குடியிருப்பின் பொது அறையில் கூடிய சிறு பயிற்சிக் குழுவில், கேட்டுக் குறிப்பெழுதும் தொண்டர்களுள் ஒருவனாக நானும் இருந்தேன். கனடியக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்போரில் 18 முதல் 54 வயது வரையுள்ளவர்கள், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ கேட்டலிலும் பேசுதலிலும் கனடிய மொழித்தர அளவுகோலின் 4ஆம் நிலையை எட்டியமைக்குச் சான்று தரவேண்டும். அவ்வளவுகோலில் 12 நிலைகள் உண்டு. புதுக்குடியேறிகளுக்கான அரசு மொழி வகுப்பில் உரிய நிலையை முடித்த சான்றிதழும் ஏற்கப்படும். அங்கீகரிக்கப்பட்ட பரீட்சையின் பெறுபேறும் ஏற்கப்படும். வேலை நேரம் மாறிமாறி வந்ததால் வகுப்புக்குச் செல்ல இயலாத அப்பெண்மணி, செல்பிப் என்னும் கணினிவழிப் பரீட்சையைத் தேர்ந்தார்.

ஐம்பத்தைந்து வயதாகும்வரை காத்திருந்தால் இச்சான்றே தேவைப்படாது. இதை அவரிடம் கூறியபோது அவர் தந்த மறுமொழி என் நினைவில் நிற்கிறது: “இரண்டு வருஷம் பேசாமல் இருந்தால் சோதனை இல்லை எண்டு தெரியும் சேர். ஆனா இந்த பில்டிங் ஒவ்வீசுக்குப் போறதெண்டாலும் மகன் வேலையால வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கிறன். அதுக்கு வயசுக் கணக்கு இல்லைத்தானே.” 2017இல் வாடகை உயர்வை எதிர்த்துக் குடியிருப்பாளர் வாடகை மறுப்புப் போராட்டம் நடத்திய பகுதி அது. அங்கு வாய்திறந்து பேசுவதன் பயனை அவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

இனி, பரீட்சையின் அமைப்பு. செல்பிப் பேச்சுத் தேர்வில் எட்டுப் பணிகள் உள்ளன. முதலாவது, ஆலோசனை கூறுதல். வினாவைப் படித்து ஆயத்தமாக 30 வினாடியும் பேச 90 வினாடியும் தரப்படும். எதிரே மனிதர் இல்லை. ஒலிவாங்கியும் திரையில் குறைந்துசெல்லும் நேரமும் மட்டுமே உண்டு. பதிவான குரலைப் பின்னர் மதிப்பீட்டாளர் கேட்டு, கருத்துத் தொடர்ச்சி, சொல்லாட்சி, கேட்போருக்கு எளிதில் விளங்கும் தன்மை, பணியை நிறைவேற்றியமை ஆகிய நான்கையும் நோக்கி நிலை வழங்குவர். பெறுபேற்றில் வருவது எண் மட்டுமே. எங்கே, ஏன் குறைந்தது என்ற விளக்கம் வருவதில்லை. பயிற்சிக் குறிப்பு என்னும் இவ்வெழுத்துவகை பிறப்பது இம்மௌனத்திலிருந்துதான்.

3. மொழிபெயர்க்கப்பட்ட அளவுகோல்

முதல் நாள் அவருக்குத் தரப்பட்ட வினா, முதன்முறையாக வாடகை வீடு தேடும் நண்பி ஒருவருக்கு ஆலோசனை கூறுமாறு கேட்டது. அவர் கூறிய விடை இதுதான்:

“டோன்ற் ரேக் பேஸ்மென்ற். ஆஸ்க் ஹீற். றீட் பேப்பர், தென் சைன். தற்ஸ் ஓல்.”

நாற்பது வினாடிக்குள் முடிந்த இவ்விடையில் ஏறக்குறையப் பாதி நேரம் இடைநிறுத்தம். எஞ்சிய ஐம்பது வினாடியும் அவர் திரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். குழுவின் இளந்தொண்டர் ஒருவர், மிகுந்த அக்கறையோடு, தமிழில் இவ்வாறு எழுதிக் கொடுத்தார்: “நிலை 3. உள்ளடக்கம் திருப்தி. சரளம் குறைவு. சொல்வளம் போதாது. இலக்கணப் பிழைகள் உள. உச்சரிப்பில் கவனம் தேவை.”

இக்குறிப்பில் பொய்யான கூற்று ஒன்றுமில்லை. ஆனால் இது தமிழ்ச் சொற்களில் அமைந்த ஆங்கில அளவுகோல். தாளை இரண்டு முறை படித்த அப்பெண்மணி தொண்டரிடம் சொன்னார்: “தம்பி எழுதினது விளங்குது. ஆனா நான் இனி என்ன செய்யிறது எண்டு இதில இல்லையே.” இவ்வகைக் குறிப்பைப் பற்றி இதைவிடச் செறிவான திறனாய்வை நான் கேட்டதில்லை.

இதில் ஆபத்தான சொல் ‘சரளம்’. பொதுவழக்கில் நாம் சரளம் என்பது தங்குதடையின்றி விரைந்து பேசுதலை. ஆங்கிலக் குறிப்பாக இருந்திருந்தால், அச்சொல் தமக்குப் புரியவில்லை என்பதாவது அவருக்குப் புரிந்திருக்கும், விளக்கம் கேட்டிருப்பார். தமிழ்ச்சொல் புரிந்துவிட்டதாகத் தோன்றியமையால் கேட்கவில்லை. அடுத்த வாரம் அதே விடையை இருமடங்கு வேகத்தில் சொன்னார். இருபது வினாடியில் முடிந்தது. அவருடைய உண்மைக் குறை வேகத்தில் இருக்கவில்லை. ஒரு கூற்றிலிருந்து அடுத்ததற்குக் கடக்கும் வழி அவரிடம் இருக்கவில்லை. ‘சரளம்’ என்ற சொல் அதை மறைத்தது.

மற்றொன்று நடை. நாளாந்தம் தமிழில் பேசும் நாம், குறிப்பெழுதப் பேனாவை எடுத்ததும் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையின் மொழிக்கு மாறிவிடுகிறோம். ‘உள’, ‘போதாது’, ‘தேவை’ என முடியும் தொடர்களில் செய்பவரும் இல்லை, செய்ய வேண்டியதும் இல்லை. தீர்ப்பு மட்டுமே உண்டு. தமிழின் இரட்டை வழக்கு இங்கே குறிப்பெழுதுபவரைத் தீர்ப்பளிப்பவர் இருக்கைக்கு உயர்த்திவிடுகிறது. எல்சா அவர்பாக் 1993இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே என்ற விதியின் பின்னே கற்பித்தல் காரணத்தைவிட அதிகார நிலைப்பாடே உண்டு என்று வாதிட்டார். அது சரியே. ஆனால் வகுப்பினுள் தாய்மொழியை அனுமதித்ததோடு அந்த அதிகாரம் வெளியேறிவிடுவதில்லை. தாய்மொழியின் உயர்வழக்கிலும் அது குடியிருக்கும்.

4. அதே விடை, வேறு குறிப்பு

மூன்றாம் வாரம் முறையை மாற்றினோம். விடையைக் கைப்பேசியில் பதிந்து, முதலில் அவரையே கேட்கச் செய்தோம். அதன்பின் இரண்டு குறிப்புகளுக்கு மேல் எழுதுவதில்லை என்று வரையறுத்துக்கொண்டோம். ஒவ்வொரு குறிப்பிலும் பதிவில் அவ்விடம், அதற்கான காரணம், அடுத்துச் செய்யவேண்டியது ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். மேற்கண்ட விடைக்கே மீண்டும் எழுதிய குறிப்புகள் இவை:

“ஒன்று. நீங்கள் சொன்ன மூன்று ஆலோசனையும் நல்லவை. தமிழில் ‘பேஸ்மென்ற் எடுக்காதேங்கோ’ என்றால், ஏன் என்று கேட்பவர் தாமாகவே கேட்பார். நீங்கள் அதன்பின் சொல்வீர்கள். இங்கே கேட்க ஆளில்லை. ஆகவே ஒவ்வொரு ஆலோசனைக்கும் பின்னால் ‘பிகோஸ்’ என்று தொடங்கி ஒரு வசனம் நீங்களே சேருங்கள்.

இரண்டு. ‘ஆஸ்க் ஹீற்’: தமிழில் ‘ஹீற்றைக் கேளுங்கோ’ என்பதில் ‘ஐ’ ஒரு வேலை செய்கிறது, ‘ங்கோ’ இன்னொரு வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் ‘ஐ’க்குப் பதில் ‘அபௌட்’ வரவேண்டும்; ‘ங்கோ’வின் மரியாதைக்குப் பதில் ‘யூ ஷுட்’ வரவேண்டும். மூன்று ஆலோசனையையும் ‘யூ ஷுட்’ என்று தொடங்கிச் சொல்லிப் பாருங்கள்.”

முதற் குறிப்பு அவர் நின்றுபோனதன் காரணத்தைக் காட்டுகிறது. நமது உரையாடலில் கேட்பவர் சும்மா இருப்பதில்லை. ‘ம்’ கொட்டுகிறார், ‘ஓம்’, ‘பிறகு?’ என்கிறார். பேச்சின் அடுத்த அடி அந்த ஒலியின் மீது வைக்கப்படுகிறது. ஒலிவாங்கி ‘ம்’ கொட்டாது. பேசும் திறன் குறைந்தவராகத் தோன்றியவர், உண்மையில் ‘ம்’ வராததால் காத்திருந்தவர். இதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. அதே வினாவை நேருக்கு நேர், தலையசைத்தபடி கேட்டால் விடை நீள்கிறதா என்று பார்க்கலாம். அவருக்கு நீண்டது. நேர்முகமாகத் தேர்வாளர் அமர்ந்து வினவும் ஐஎல்ற்ஸ் பரீட்சை இவ்வகையில் வேறானது. அதற்குப் பயிற்சி பெறுபவருக்கு இக்குறிப்பு இதே வடிவில் பொருந்தாது.

இரண்டாவது குறிப்பு ‘இலக்கணப் பிழை’ என்ற பொதுப்பெயரைக் கலைக்கிறது. ‘ஆஸ்க் ஹீற்’ என்பது அறியாமையால் வந்ததன்று. இரண்டாம் வேற்றுமையுருபை உதிர்த்துவிட்டு, அவ்விடத்தை நிரப்பாமல் விட்டதால் வந்தது. ஏவலும் அவ்வாறே. தமிழில் மரியாதை வினைமுற்றின் ஈற்றிலேயே அமைந்திருக்கும். அவ்வீறு இல்லாத ஆங்கில ஏவலை வரிசையாக அடுக்கும்போது, ஆலோசனை கட்டளைத் தொனி பெறுகிறது. இக்காரணத்தை ஆங்கிலத்தில் எழுதினால், 3ஆம் நிலையில் உள்ள ஒருவரால் படித்து அறிய இயலாது. தமிழில் மூன்று வரி போதும். தாய்மொழிக் குறிப்புக்குரிய நியாயம் இங்கேதான் உள்ளது.

அன்றே மறுமுறை கூறிய விடையில் ஒரு பகுதி இவ்வாறு அமைந்தது: “யூ ஷுட் ஆஸ்க் அபௌட் ஹீற், பிகோஸ் வின்ரர் இஸ் வெரி கோல்ட். மை ஃபர்ஸ்ற் ஹவுஸ், நோ ஹீற், மை சன் சிக்.” கடைசி வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை. ஆயினும் காரணம் வந்தது. காரணத்தைத் தொடர்ந்து தன் வாழ்விலிருந்து ஒரு சான்றும், எவரும் கேளாமலே, வந்தது. பேச்சு ஒரு நிமிடத்தைக் கடந்தது.

ஆனால் அதே வினாவுக்கான இரண்டாம் விடையைக் கொண்டு முன்னேற்றத்தை அளக்கக் கூடாது. அது மனப்பாடமாகவும் இருக்கலாம். அடுத்த வாரம் வேலை தேடும் உறவினருக்கு ஆலோசனை கூறும் வினாவைத் தந்தோம். ‘யூ ஷுட்’ தானாகவே வந்தது. ‘பிகோஸ்’ இரண்டு இடத்தில் வந்து, மூன்றாவதில் விடுபட்டது. ‘அபௌட்’ வரவேயில்லை. புதிய வினாவில் எஞ்சி நிற்பதே கற்றது. எஞ்சாததற்கே அடுத்த குறிப்பு.

5. உச்சரிப்பும் எழுத்தின் எல்லையும்

தமிழில் எழுதும் குறிப்பு பெரிதும் தடுமாறும் இடம் உச்சரிப்பு. அப்பெண்மணி தம் முகவரியைச் சொல்லும்போது, பார்க்டேல் என்ற பெயரின் முதலொலி ஆங்கிலச் செவிக்கு வல்லொலியாக அன்றி அதன் அதிர்வொலி இணையாகக் கேட்டது. தொண்டர் எழுதிய குறிப்பை அப்படியே தமிழெழுத்தில் தந்தால் இவ்வாறாகும்: “‘பார்க்’ என்று சொல்லுங்கள், ‘பார்க்’ என்று சொல்லாதீர்கள்.” ஒன்று பூங்கா, மற்றொன்று நாயின் குரைப்பு. நமது பகரம் இரண்டையும் வேறுபடுத்தாது. மாத்திரையும் ‘பில்’, கட்டணச்சீட்டும் ‘பில்’. மருந்துக்கடையில் இவை இரண்டும் ஒரே உரையாடலில் வரக்கூடியவை.

எழுத்தால் காட்ட முடியாததைச் செயலால் காட்டலாம். ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசையின் முதலில் வரும் வல்லின ஒலியோடு ஒரு மூச்சு வெடித்து வெளியேறுகிறது. தமிழ்ப் பகரத்தில் அம்மூச்சு இல்லை. ஆங்கிலேயர் செவி அம்மூச்சைக் கொண்டே இரண்டையும் பிரிக்கிறது. எனவே குறிப்பு இவ்வாறு மாறியது: “உதட்டின் முன் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு பார்க்டேல் என்று சொல்லுங்கள். தாள் அசைய வேண்டும்.” இதற்கு எழுத்து வேண்டாம், தாள் அசைந்ததா என்பதை அவரே பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு மாறாக, வேறு ஓர் ஒலியில் தமிழுக்கு ஆங்கிலத்தைவிட நல்ல கருவி உண்டு. டகரத்துக்கும் றகரத்துக்கும் நாநுனி அண்ணத்தைத் தொடும் முறை வேறு எனத் தொல்காப்பியப் பிறப்பியல் பிரித்துக் காட்டுகிறது. ‘வெற்றி’ என்பதிலுள்ள இரட்டை றகரத்தைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் பின்னே ஓர் உருளொலி சேர்த்து ஒலிப்பர். யாழ்ப்பாணத் தமிழில் அது இன்றும் பல்லீற்றின் மேல் நா ஒற்றும் தூய வெடிப்பொலி. ஆங்கிலத்தின் அவ்வின ஒலி பிறப்பதும் ஏறத்தாழ அதே இடத்தில்தான். தமிழ்நாட்டார் ‘டி.வி.’ என எழுதுவதை இலங்கைத் தமிழர் ‘ரி.வி.’ என எழுதுவதும், நாம் ‘ரொறன்ரோ’ என எழுதுவதும் இச்செவியுணர்வின் விளைவுகளே. “நாக்கை மேலே வளைக்க வேண்டாம்; ‘வெற்றி’ சொல்லும்போது நாக்கு எங்கே படுகிறதோ, அங்கே வையுங்கள்” என்று எழுதியது யாழ்ப்பாணத்தவரான அவருக்கு உடனே பயன்பட்டது. அதே குறிப்பைச் சென்னையிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்தால் அவர் நாக்கு வேறிடத்துக்குப் போகும். ஆகவே ‘தாய்மொழிக் குறிப்பு’ என்பதில் தாய்மொழி எனப்படுவது, கற்பவர் வீட்டில் பேசும் வழக்கே. எழுதுபவரும் கற்பவரும் வெவ்வேறு வழக்கினராயின் குறிப்பு பிழைக்கும்.

எதைத் திருத்தாமல் விடுவது என்பதும் குறிப்பெழுதுபவரின் பொறுப்பு. செல்பிப் அளப்பது கேட்போருக்கு விளங்குகிறதா என்பதை. தமிழ்த்தொனி இருக்கிறதா என்பதை அன்று. ‘பார்க்டேல்’ என்பதைப் ‘பாக்குடேல்’ என்று ககரத்துக்குப் பின் சிறிது உகரம் சேர்த்துச் சொன்னார். அது விளக்கத்தைத் தடுக்கவில்லை. அதற்குக் குறிப்பு எழுதவில்லை.

6. தமிழ் விலக வேண்டிய இடம்

குறிப்புகள் தமிழில் அமைந்தபின் எதிர்பாராத தீங்கொன்றும் நேர்ந்தது. ஆயத்தத்துக்குரிய 30 வினாடியிலும் அவர் தமிழில் குறித்துக்கொள்ளத் தொடங்கினார். ‘குளிர் கூடின மாதங்களில் வெப்பம் ஒழுங்காக வருமா என்று முன்கூட்டியே கேட்கவேண்டும்’ என்பது நல்ல தமிழ் வாக்கியம். அதன் வினை ஈற்றில் நிற்கிறது. ஆங்கிலத்திலோ அது தொடக்கத்துக்கு வரவேண்டும். வாக்கியம் முழுவதையும் தலைகீழாக்கும் முயற்சியிலேயே 90 வினாடியில் பெரும்பகுதி கழிந்தது. மனத்தில் நல்ல வாக்கியம் இருக்க, வாயில் ஒன்றும் வரவில்லை.

ஆகவே எல்லையை இவ்வாறு வகுத்தோம். விடைக்குப் பின் தமிழ். விடைக்கு முன் ஆங்கிலம். ஆயத்தத் தாளில் ‘ஹீற்’, ‘பேஸ்மென்ற்’, ‘சைன்’ என மூன்று ஆங்கிலச் சொற்கள் மட்டுமே. காரணத்தை அறிவதற்குத் தாய்மொழி உதவுகிறது. பேசும் கணத்தில் அது குறுக்கே நிற்கக்கூடும்.

எண்ணின் இடமும் அத்தகையதே. ரூத் பட்லர் 1988இல் இஸ்ரேலியப் பள்ளிச் சிறுவரிடையே நடத்திய ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்றோர் முன்னேறினர். புள்ளியும் கருத்துரையும் சேர்த்துப் பெற்றோர் அம்முன்னேற்றத்தைக் காட்டவில்லை. சிறுவரைப் பற்றிய அம்முடிவை முதியோருக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும் எங்கள் அறையில் கண்டதும் அதற்கு மாறானதன்று. ‘நிலை 3’ என்பது மேலே இருந்தால், கீழே உள்ளதை அவர் படிப்பதற்கு முன்பே முகம் வாடியது. பரீட்சைக்குச் செல்பவருக்கு எண்ணை முற்றாக மறைப்பதும் நேர்மையன்று. பரீட்சைக் கட்டணம் அவருடைய உழைப்பு. எனவே நான்கு வாரத்துக்கு ஒருமுறை எண் மட்டும், ஏனைய வாரங்களில் குறிப்பு மட்டும் எனப் பிரித்தோம்.

7. முடிவுரை

அப்பெண்மணி ஐம்பத்து நான்காவது வயதில் பரீட்சைக்கு அமர்ந்து, பேச்சில் 4ஆம் நிலையைப் பெற்றார். அதற்கு எங்கள் குறிப்புகளே காரணம் என்று நான் கூறமாட்டேன். வேலைத்தலத்திலும் பேருந்திலும் அவர் பேசிய ஆங்கிலத்தின் அளவை நாங்கள் அளந்ததில்லை. ஒருவரின் வரலாற்றிலிருந்து பொதுவிதி செய்வதும் தகாது.

ஆயினும் அத்தாள்களை ஒருசேர வைத்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. முதல் நாள் குறிப்பு, பரீட்சையின் சார்பில் நின்று தமிழில் பேசியது. பிந்திய குறிப்புகள், தமிழின் வேற்றுமையுருபிலும் வினையீற்றிலும் றகரத்திலும் நின்றுகொண்டு, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வழி காட்டின. நாம் இதுகாறும் தயாரித்துள்ள மொழிப்பயிற்சிக் கையேடுகள் பெரும்பாலும் முன்னதைச் சார்ந்தவை. ஆங்கில அளவுகோலுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடுவதோடு அவை நின்றுவிடுகின்றன. தமிழ் ஒலியியலும் பேச்சுவழக்கு இலக்கணமும் கற்றோர் இங்கு ஆற்றக்கூடிய பணி வேறு. பேச்சுத் தமிழின் எந்த உறுப்பு ஆங்கிலத்தில் எவ்விடத்தில் வெற்றிடமாகிறது என்பதை, வழக்கு வாரியாக, குறிப்பெழுதும் தொண்டர் கையாளக்கூடிய சிறு பட்டியலாகத் தருவதே அது. ‘நான் இனி என்ன செய்யிறது’ என்ற கேள்விக்கு அப்பட்டியல் மறுமொழி கூறவேண்டும்.